மாசுபடுத்த யாருக்கு உரிமை?

ஆற்றின் மேல்பக்கம் ஒரு சாயப்பட்டறை. கீழ்ப்பக்கம் ஒரு தென்னந்தோப்பு. பட்டறைக் கழிவு கலந்த தண்ணீர் பாய்ந்து தோப்பில் காய்ப்பு குறைகிறது. தப்பு பட்டறைக்காரர்மேல், ஆகவே அவருக்கு வரி போட வேண்டும் அல்லது தடை விதிக்க வேண்டும் என்பதுதான் பொருளாதார அறிஞர்கள் வெகுகாலம் சொல்லிவந்த தீர்வு. 1960-ல் ரொனால்டு கோஸ் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பார்வையையே கேள்வி கேட்டது. கழிவைத் தடுத்தால் பட்டறைக்காரருக்கு நஷ்டம், விட்டால் தோப்புக்காரருக்கு நஷ்டம். இரண்டில் எது பெரிது, இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. கழிவால் தோப்புக்காரருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். கழிவைச் சுத்திகரிக்கப் பட்டறைக்கு ஆண்டுக்கு 3 லட்சம் செலவாகும்.

சுத்தமான தண்ணீருக்கு உரிமை தோப்புக்காரருடையது என்று சட்டம் சொன்னால், பட்டறைக்காரர் 5 லட்சம் நஷ்டஈடு கொடுப்பதைவிட 3 லட்சம் செலவழித்துச் சுத்திகரித்துவிடுவார். இப்போது சட்டத்தைத் திருப்பிப் போடுவோம். கழிவை விடப் பட்டறைக்குத்தான் உரிமை. தோப்புக்காரர் சும்மா இருக்க மாட்டார். “4 லட்சம் தருகிறேன், சுத்திகரித்து விடுங்கள்” என்று போய்க் கேட்பார். பட்டறைக்கு 1 லட்சம் மிச்சம். தோப்புக்காரருக்கும் 5 லட்சம் இழப்புக்குப் பதில் 4 லட்சம்தான் போகிறது. உரிமை யாரிடம் இருந்தாலும் தண்ணீர் சுத்தமாகிறது. சுத்திகரிப்புச் செலவு 3 அல்ல, 8 லட்சம் என்றால் முடிவும் மாறும்: இரண்டு சட்டத்திலும் கழிவு ஓடும், தோப்புக்காரரிடம் உரிமை இருந்தால் அவர் கையில் 5-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஒரு தொகை வந்து சேரும்.

பேரத்துக்குச் செலவே இல்லையென்றால், மாசு நிற்குமா தொடருமா என்பதை உரிமை தீர்மானிப்பதில்லை. பணம் யார் பையிலிருந்து யார் பைக்குப் போகிறது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ஜார்ஜ் ஸ்டிக்லர் இதற்குக் ‘கோஸ் தேற்றம்’ என்று பெயர் வைத்தார். பணம் யாருக்குப் போகிறது என்பது சின்ன விஷயம் அல்ல என்பது என் கருத்து. 4 லட்சம் கொடுப்பதும் வாங்குவதும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஒன்றாகாது.

கோஸின் மனம் இருந்ததோ அந்த ‘செலவே இல்லையென்றால்’ என்ற இடத்தில். வக்கீல் கட்டணம், தண்ணீர் பரிசோதனை, அலைச்சல், ஒப்பந்தத்தை எதிராளி மீறுகிறாரா என்று கண்காணிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் பரிவர்த்தனைச் செலவு. நம் கணக்கில் இது 2.5 லட்சம் என்று வையுங்கள். பேரத்தால் இருவருக்கும் சேர்த்துக் கிடைக்கும் ஆதாயம் 5-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசமான 2 லட்சம் மட்டுமே. 2 லட்சம் ஆதாயத்துக்கு 2.5 லட்சம் செலவழிக்க யாரும் வர மாட்டார்கள். பட்டறைக்கு உரிமை இருந்தால் கழிவு ஓடிக்கொண்டே இருக்கும், 3 லட்சத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஊர் 5 லட்சம் இழக்கும். தோப்புக்காரருக்கு உரிமை இருந்தால் பட்டறைக்காரர் யாரிடமும் பேரம் பேசாமலே சுத்திகரிப்பார். இப்போது சட்டம் யார் பக்கம் என்பதே தண்ணீரின் கதியைத் தீர்மானிக்கிறது.

ஆட்கள் பெருகினால் நிலைமை இன்னும் மோசம். அதே 5 லட்சம் இழப்பு, ஒரே தோப்புக்குப் பதிலாக 100 விவசாயிகளுக்குத் தலைக்கு 5,000 ரூபாய் என்று பிரிந்திருக்கட்டும். தலைக்கு 4,000 போட்டால் 4 லட்சம் சேர்ந்துவிடும். ஆனால் சுத்தமான தண்ணீர் பணம் போட்டவர் வயலுக்கு மட்டும் பாயாது. அடுத்தவர் கொடுக்கட்டும் என்று இருபது பேர் ஒதுங்கினாலே வசூல் ஆட்டம் காணும். மறுபக்கமும் சிக்கல் உண்டு. உரிமை விவசாயிகளிடம் இருந்து, நூறு பேரின் சம்மதமும் தேவை என்றால், கடைசியாகக் கையெழுத்துப் போடுபவர் தன் விலையை ஏற்றுவார்.

பேரம் உண்மையிலேயே படிந்த இடமும் இருக்கிறது. பிரான்ஸின் வோஜ் பகுதியில் விட்டெல் என்ற ஊரின் ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் நிறுவனம், 1980-களில் தண்ணீரில் நைட்ரேட் கூடுவதைக் கவனித்தது. ஊற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பில் பால் பண்ணைகள். மாட்டுத் தீவனத்துக்காக மக்காச்சோளம் போட்டார்கள். அறுவடைக்குப் பின் குளிர்காலத்தில் வெறுமையாகக் கிடக்கும் மண்ணிலிருந்து உரத்தின் நைட்ரேட் மழையோடு கீழே இறங்கியது. நைட்ரேட்டைப் பிரித்தெடுத்துவிட்டு ‘இயற்கை கனிமநீர்’ என்று விற்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உரம் போடும் உரிமையோ விவசாயிகளிடம். ஆகவே பாதிக்கப்பட்ட நிறுவனமே பணம் கொடுத்தது.

மக்காச்சோளத்தை விட்டுவிட வேண்டும், ரசாயனம் கூடாது, சாணத்தை மக்க வைத்துத்தான் போட வேண்டும் என்பவை நிறுவனத்தின் நிபந்தனைகள். பதிலுக்கு 18 அல்லது 30 ஆண்டு ஒப்பந்தம், மாறும் காலத்தில் ஹெக்டேருக்கு உதவித்தொகை, நிறுவனம் வாங்கிய நிலத்தில் இலவசமாகப் பயிரிடும் உரிமை. ஒரு பக்கம் பணம் படைத்த ஒரே நிறுவனம், மறுபக்கம் ஏறக்குறைய 40 பண்ணைகள். அப்படியிருந்தும் இது படிய சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. எந்தப் பயிர்முறை எவ்வளவு நைட்ரேட்டை இறக்குகிறது என்று கண்டறிய அரசின் வேளாண் ஆய்வு நிறுவனம் பண்ணைகளிலேயே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. விவசாயிகளின் நம்பிக்கையைப் பெற உள்ளூரிலேயே ஒரு துணை அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஆய்வும் அலைச்சலும்தான் அங்கே பரிவர்த்தனைச் செலவு.

பாலாற்றுப் பக்கம் வந்தால் இந்தக் கணக்கு அப்படியே எதிராகத் திரும்புகிறது. வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது, தமிழகத்தில் ஐந்து மாவட்டங்களில் சுமார் 900 தோல் பதனிடும் ஆலைகள் இருப்பதாகவும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகவும் தீர்ப்பு குறிப்பிட்டது. எந்த ஆலையின் உப்பு எந்தக் கிணற்றில் இறங்கியது என்று சொல்லவே முடியாத நிலையில், 900 பேரும் ஆயிரக்கணக்கான விவசாயிகளும் எந்த மேசையில் உட்கார்ந்து பேரம் பேசுவது? மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது, சுத்திகரிப்பு நிலையம் அமைக்கக் கெடு வைத்தது, இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது.

பேரம் பேச முடியாத இடத்தில் உரிமையைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் வைப்பதுதான் சரி என்று நான் நம்புகிறேன். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சுத்திகரிப்புச் செலவு சேதத்தைவிட அதிகமாக இருக்கும் ஒரு சிறு ஆலை, நம் கணக்கின் 8 லட்சம் உதாரணத்தைப் போல, நஷ்டஈடு கொடுத்து விவசாயிகளின் சம்மதத்தை வாங்கித் தொழிலைத் தொடரலாம். ஆனால் அத்தனை பேரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க அதற்கு வழியில்லை. அந்த ஆலை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கதவை மூட வேண்டும்.