கெடு தாண்டி வந்த பைக்கு என்ன பதில் சொல்வது?



பொருள் விற்கிற எந்தக் குழுவுக்கும் ஒரு நாள் இந்தச் சங்கடம் வரும். வாங்கினவர் கெடு முடிந்த பிறகு வந்து, "காசைத் திருப்பிக் கொடுங்க" என்பார். பயந்து கொடுத்தால் குழுவுக்கு நட்டம். "முடியாது, போங்க" என்றால் அவர் திரும்ப வரமாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் கொடுக்க எத்தனை நாள் என்று பில்லில் எழுதியிருந்தால், அந்தக் கெடுதான் கணக்கு. எதுவும் எழுதாவிட்டால் 30 நாள். பில் கொடுக்காமல் விற்பதும் தவறு. அதனால் "வாங்கிய 7 நாளுக்குள், பயன்படுத்தாத பொருள், பில்லோடு வந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்று பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது.

ஒரு உதாரணம் பார்ப்போம். வில்லியனூர் தேர்த் திருவிழாக் கடையில் குழு ஒன்று சணல் பையை 280 ரூபாய்க்கு விற்கிறது. துணி, ஜிப், கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 210. லாபம் 70. ஒரு அம்மா 19-ஆம் நாள் வருகிறார். ஜிப் கழன்றிருக்கிறது, 280 ரூபாயும் வேண்டும் என்கிறார். பழைய பையை மறுபடி விற்க முடியாது. பணத்தைக் கொடுத்தால் அடக்கம் 210 போய்விடும். அதை ஈடுகட்ட இன்னும் 3 பை விற்க வேண்டும்.

உடனே பதில் சொல்ல வேண்டாம். பையை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஜிப் ஓரத்தில் தையல் பிரிந்து நூல் தொங்கினாலோ, துணி விளிம்பு பிரியும் அளவுக்கு ஒட்டித் தைத்திருந்தாலோ அது நம்ம தப்பு. தையல் உறுதியாக இருந்து, ஜிப்பின் பல் மட்டும் விரிந்திருந்தால், பையில் அளவுக்கு மேல் திணித்ததால் வந்திருக்கலாம். இந்தப் பையில் தையல் நன்றாகவே இருக்கிறது.

இப்போது பேசலாம். மறுப்பை முதலிலேயே, தெளிவாக, ஒரே தடவை சொல்லுங்கள். "பார்க்கலாம்", "தலைவியைக் கேட்டுச் சொல்றேன்" என்று இழுத்தால் அவர் நம்பிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவார்.

"அம்மா, பில்லுல 7 நாள்னு போட்டிருக்கு. இன்னைக்கு 19 நாள் ஆச்சு, பையும் புழங்கிட்டீங்க. அதனால பணமா தர முடியாதும்மா. ஆனா ஜிப்பைக் காசு வாங்காம மாத்தித் தர்றோம். இல்ல புதுப் பைதான் வேணும்னா, லாபம் வைக்காம 210-க்கே தர்றோம். எது வசதின்னு நீங்களே சொல்லுங்க."

இதில் குழுவுக்கு ஆகும் செலவைப் பாருங்கள். ஜிப் 15 ரூபாய், தைக்கும் கூலி 20, ஆக 35. புதுப் பையை அடக்க விலைக்குக் கொடுத்தால் கைக்காசு போகாது, லாபம் மட்டும்தான் இல்லை. அந்த அம்மாவும் வெறுங்கையோடு போகவில்லை. ஜிப் மாற்றுவதாகச் சொன்னால் எந்தத் தேதியில் தருவோம் என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். சொன்ன தேதி தவறினால் புதுச் சண்டைதான் வரும்.

அவர் கோபத்தில், "நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன்" என்றால் எதிர்த்துப் பேச வேண்டாம். "அது உங்க உரிமைம்மா, நாங்க சொன்னது அப்படியே இருக்கு" என்றால் போதும். புகார் சொல்ல 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பில் நகலும், என்ன மாற்று கொடுத்தோம் என்ற குறிப்பும் நம் கையில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. தையல் பிரிந்தது நம்ம தப்பு என்று தெரிந்தால், 19-ஆம் நாளானாலும் சரிசெய்தோ, வேறு பை கொடுத்தோ, இல்லையென்றால் பணமாகவோ தீர்த்துவிட வேண்டும். பில்லில் கெடு போட்டிருக்கிறது என்று அதன் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயம் இல்லை. குறைக்காக 2 வருடம் வரை அவர் ஆணையத்தில் புகார் செய்யவும் முடியும். ஊறுகாய், அப்பளம் போன்ற தின்பண்டம் காலாவதித் தேதிக்கு முன்னால் கெட்டுப்போனால் பேச்சே வேண்டாம். பணத்தைக் கொடுத்து, அதே நாளில் போட்ட மற்ற பாட்டில்களையும் திறந்து பாருங்கள்.

கடைசியாக, இந்த முடிவைக் கடையில் உட்காரும் ஒரு பெண்ணின் தலையில் கட்டாதீர்கள். ஒருத்தருக்குப் பணம் கொடுத்து, அடுத்த வாரம் பாகூரிலிருந்து வந்தவருக்கு இல்லை என்றால் பேச்சு ஊரெல்லாம் பரவும். கெடு எத்தனை நாள், கெடு தாண்டினால் என்ன மாற்று என்று குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அதன் நகல் ஒன்று கடைப் பெட்டியிலும் இருக்கட்டும்.