யானை வழி, உண்ணிச்செடி, பாறு கழுகு: மூன்று அட்டைகளில் ஒரு பாடம்

உழவர் கூட்டங்களில் பல்லுயிர் இழப்பு பற்றிப் பேசத் தொடங்கினால், அது வனத்துறையின் வேலை என்று பலர் எழுந்து போய்விடுவார்கள். ஒரு மணி நேர உரைக்குப் பதிலாக மூன்று வினா அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளின் ஃபிளாஷ் கார்டுதான் இது. பழைய காலண்டர் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எழுதினால் போதும்.

அட்டையில் விளக்கத்தைக் கேட்கக் கூடாது, காரணத்தைக் கேட்க வேண்டும். ‘வாழிடத் துண்டாடல் என்றால் என்ன?’ என்று கேட்டால் மனப்பாடப் பதில்தான் வரும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முடியும் கேள்வியும் வேண்டாம், குருட்டாம்போக்கில் பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மூன்று அட்டைகளும் ஒரே நிலப்பரப்பைப் பற்றி இருந்தால் ஒன்றோடொன்று இணைத்துப் புரிந்துகொள்ளலாம். இங்கே நீலகிரியின் வடக்கு அடிவாரத்தில் உள்ள சீகூர் பீடபூமியையும் அதையொட்டி ஓடும் மாயாற்றையும் எடுத்துக்கொள்வோம்.

முதல் அட்டை: வாழிடத் துண்டாடல்

கேள்வி: காட்டில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. பிறகு ஏன் யானை வயலுக்கு வருகிறது?

பதில்: சீகூர் பீடபூமிக்குத் தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு, வடக்கே மாயாற்றின் ஆழமான பள்ளம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தின் வழியாகத்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய் வருகின்றன. குறுகலான இடத்தில் ஒரு விடுதியின் வேலி வந்தால்கூட வழி அடைபடும். அடைபட்ட கூட்டம் சுற்றிக்கொண்டு போகும், சுற்றுப்பாதையில் வயல் இருந்தால் அதில் இறங்கும். இந்த யானை வழித்தடத்தைத் தமிழக அரசு 2010-ல் அறிவித்தது. அதை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது.

வாய்க்காலை வைத்துச் சொன்னால் இது எளிதில் விளங்கும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை காய்ந்துவிடும். இழந்த பரப்பு எவ்வளவு என்பதைவிட, எந்த இடத்தில் இழந்தோம் என்பதே இங்கு முக்கியம்.

இரண்டாம் அட்டை: அயல் தாவர ஊடுருவல்

கேள்வி: உண்ணிச்செடியை ஆண்டுதோறும் வெட்டியும் ஏன் அடர்த்தி கூடுகிறது?

பதில்: அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து அழகுச் செடியாக ஆங்கிலேயர் காலத்தில் வந்தது இது. தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் வெடிக்கும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை ஊரெங்கும் போடும். புதரின் நிழலில் புல் முளைக்காது. மானும் மாடும் மேய்ந்த இடம் அப்படியே போய்விடும்.

பட்டா நிலத்தில் இதை அகற்றப் பூத்துக் காய்க்கும் முன்பே இறங்குங்கள். மண்ணுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். வேர் மண்ணைத் தொடாததால் மீண்டும் பிடிக்காது. மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதைகள் அடுத்தடுத்த மழைகளில் முளைக்கும். பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் கன்றுகள் கூட்டமாக வரும், அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். வெற்றிடத்தில் உள்ளூர்ப் புல்லை விதைக்காவிட்டால் உண்ணிச்செடியே திரும்ப வரும்.

வறட்சியில் வேறு தீனி இல்லாமல் மாடுகள் இந்த இலையைத் தின்னும். கல்லீரல் கெடும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும், கண்ணும் ஈறும் மஞ்சளாகும். மாட்டை நிழலில் கட்டிக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மூன்றாம் அட்டை: அழிவு அபாயம்

கேள்வி: 200 மாட்டுச் சடலங்களில் ஒன்றில் மட்டும் நஞ்சு இருந்தால் பாறு கழுகுகள் அழியுமா? எப்படி?

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பாறு கழுகுகள் மாயாற்றுக் கரையின் உயர்ந்த நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. வெண்முதுகுப் பாறு கழுகு இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. காரணம் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரண ஊசி மருந்து என்பது 2004-ல் உறுதியானது. மாட்டுக்கு வலியைத் தணிக்கும் இந்த மருந்து, அதன் இறைச்சி வழியாகப் பறவைக்குள் போனால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது.

ஒரு கழுகு மூன்று நாளைக்கு ஒரு முறை இரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 120 முறை. ஒவ்வொரு முறையும் 200-ல் ஒரு பங்கு ஆபத்து. 100 கழுகுகளில் ஓராண்டில் தப்புவது சுமார் 55. இரண்டாம் ஆண்டில் 30, மூன்றாம் ஆண்டில் 16. இணைக்கு ஆண்டுக்கு ஒரு முட்டைதான், குஞ்சு இனப்பெருக்க வயதுக்கு வர சுமார் ஐந்து ஆண்டுகள். செலவு இவ்வளவு வேகமாகவும் வரவு இவ்வளவு மெதுவாகவும் இருந்தால் இனம் நிற்காது. பெரும்பாலான சடலங்கள் நல்லவையாக இருந்தாலும் இதுதான் முடிவு.

கூட்டத்தில் இதைச் செய்து காட்டுங்கள். ஒரு துணிப்பையில் 199 புளியங்கொட்டையும் ஒரு ஆமணக்கு விதையும் போடுங்கள். பத்துப் பேர் தலா 12 முறை பார்க்காமல் எடுத்துத் திரும்பப் போடட்டும். அது ஒரு கழுகின் ஓராண்டு இரை. ஆமணக்கு விதை கையில் வந்தால் கழுகு இறந்துவிட்டது என்று பொருள். பல தடவை திரும்பச் செய்தால், பாதிக்குச் சற்றுக் குறைவான தடவைகளில் அது வெளிவரும்.

அட்டையின் பின்பக்கத்தில் மருந்துப் பெயர்களை எழுதுங்கள். கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006-ல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குத் திருப்பப்பட்டதால், 2015-ல் குப்பி மூன்று மில்லி அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை 2023-ல் தடைக்குள் வந்தன. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். கழுகுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்துக் கண்டவை மெலோக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம். மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். குப்பியை வாங்கிப் படியுங்கள். மெலோக்சிகாம் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்தால் வெளியில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வடிந்து இறந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது, கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். சிறுத்தையோ புலியோ அடித்த மாட்டின் மீது நஞ்சைத் தூவாதீர்கள். அதைத் தின்னக் கூடும் கழுகுகள் கூட்டமாகவே சாகும். அந்த இழப்புக்கு வனத்துறையிடம் நிவாரணம் கோரலாம்.

அட்டையைத் திருப்பும் முறை

கூட்டத்தில் பதிலைக் காட்டுவதற்கு முன் குறைந்தது மூன்று பேரைப் பேச விடுங்கள். சரியான பதில் வந்த அட்டையை அடுத்த மாதம் கேட்டால் போதும். தவறிய அட்டையை அன்றைய கூட்டம் முடிவதற்குள் மீண்டும் கேளுங்கள், அடுத்த வாரமும் கேளுங்கள். எல்லாரும் ஒரே மாதிரித் தவறினால் கேள்வியில்தான் குழப்பம், அதை மாற்றி எழுதுங்கள்.

மூன்றாம் அட்டைக்கு மட்டும் வாய்ப்பதில் போதாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டுத் தொழுவத்தில் கடைசியாகப் பயன்படுத்திய ஊசிக் குப்பியை எடுத்து வரச் சொல்லுங்கள். பாடம் ஊருக்குள் போனதா என்பதை அதன் லேபிள் சொல்லிவிடும்.