‘ஆகியவை’யா, ‘முதலியவை’யா? பத்திர ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு விற்பனை ஒப்பந்தம் போடப் போனால், அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தட்டச்சாகி வருகிறது. கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம், அதாவது ஷெட்யூல். அதில் வீட்டைப் பற்றி இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம்: ‘எ ஃப்ளாட் கம்ப்ரைசிங் ஆஃப் டூ பெட்ரூம்ஸ், ஹால், கிச்சன் அண்ட் பால்கனி’. வாங்குபவர் விலையைப் பார்ப்பார், சதுர அடியைப் பார்ப்பார். இந்த வரியை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை. படிக்க வேண்டிய வரி இது.

முதலில் இலக்கணம். ‘கம்ப்ரைஸ்’ என்றால் தன்னுள் அடக்கியிருப்பது. முழுமையான ஒன்று எழுவாயாக நிற்கும். அதன் பகுதிகள் செயப்படுபொருளாக வரும். வீடு அறைகளை அடக்கியிருக்கிறது. நடுவில் ‘ஆஃப்’ வர வேலையே இல்லை. ‘த ஃப்ளாட் கம்ப்ரைசஸ் டூ பெட்ரூம்ஸ்’ என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். அப்படியானால் அந்த ‘ஆஃப்’ எப்படி வந்து ஒட்டியது? ‘கன்சிஸ்ட் ஆஃப்’ என்பதிலிருந்து. இரண்டுக்கும் பொருள் அருகருகே இருப்பதால், ஒன்றின் வால் இன்னொன்றில் ஒட்டிக்கொண்டது. ‘கன்சிஸ்ட்’ தானாகச் செயப்படுபொருள் எடுக்காத வினை. அதற்கு ‘ஆஃப்’ இல்லாமல் முடியாது. ‘கம்ப்ரைஸ்’ அப்படியல்ல. போட்டித் தேர்வுகளின் பிழை திருத்தப் பகுதிக்குத் தயாராகும் மாணவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ‘கம்ப்ரைசஸ் ஆஃப்’ பிழை. இதில் என் தீர்ப்பு தயக்கமில்லாதது.

ஆனால் ‘இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்’ என்ற செயப்பாட்டு வடிவம் வேறு கதை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் நீண்ட காலமாகச் சண்டை நடப்பது இதைப் பற்றித்தான். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் ஓர் அமெரிக்கத் தன்னார்வலர் 2007 முதல் இந்த ஒரு தொடரைத் தேடித் தேடித் திருத்தி வந்தார். 2015-இல் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியபோது அவருடைய திருத்தங்கள் 47,000-ஐத் தாண்டியிருந்தன. மறுபக்கத்தில், ஓர் அமெரிக்க அகராதி தன் ஆலோசனைக் குழுவிடம் கருத்துக் கேட்டபோது, 1960-களில் 53 சதவீதம் பேர் இதை ஏற்கவில்லை. 1996-இல் அந்த எதிர்ப்பு 35 சதவீதமாகக் குறைந்திருந்தது. நல்ல எழுத்தாளர்களும் பல காலமாக இப்படி எழுதியிருக்கிறார்கள், எனவே பிழையென்று சொல்ல முடியாது என்பது அந்தத் தரப்பின் வாதம். இருக்கட்டும். கதையிலும் செய்தியிலும் அது நடமாடலாம். பணமும் உரிமையும் கைமாறும் தாளில் ஏற்கெனவே சண்டையில் இருக்கும் ஒரு தொடரை எதற்காக வைக்க வேண்டும்? ‘கம்போஸ்ட் ஆஃப்’ இருக்கிறது, ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ இருக்கிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. நம் ஊர்ப் பத்திரங்களிலேயே இந்தச் சொல் மிகச் சரியாகப் பயன்படும் ஓர் இடம் இருக்கிறது. மனையின் விவரம் எழுதும்போது, இன்ன கிராமத்தில் ‘கம்ப்ரைஸ்ட் இன் சர்வே நம்பர்’ இத்தனை என்று எழுதுவார்கள். சர்வே எண் என்பது முழு நிலப்பரப்பு. மனை அதற்குள் அடங்கிய துண்டு. முழுமை பகுதியை அடக்குகிறது, எனவே பகுதி முழுமைக்குள் அடங்குகிறது. இதைக் கேட்டுப் புதிதாக ஆங்கிலம் படித்தவர்கள் பழைய குமாஸ்தா ஆங்கிலம் என்று சிரிப்பதுண்டு. அந்தக் குமாஸ்தாக்களின் ஆங்கிலம்தான் இங்கே சுத்தமானது. அதே பத்திரத்தில் இரண்டு பத்தி தள்ளி ‘கம்ப்ரைசிங் ஆஃப்’ என்று எழுதியது பின்னால் வந்த கை.

இனி விஷயத்தின் கருவுக்கு வருவோம். ‘ஆஃப்’ ஒட்டியதால் யாருக்கும் வீடு போய்விடாது. கேள்வி வேறு: பட்டியல் மூடியதா, திறந்ததா? தமிழில் இந்த வேறுபாட்டை இரண்டு சொற்கள் சுமக்கின்றன. சேரர், சோழர், பாண்டியர் ஆகிய மூவேந்தர் என்றால் கணக்கு முடிந்தது. மா, வாழை முதலிய மரங்கள் என்றால் இன்னும் மரங்கள் உண்டு. ஆங்கிலத்தில் ‘கன்சிஸ்ட் ஆஃப்’ நம் ‘ஆகிய’வின் வேலையைச் செய்கிறது. ‘இன்க்ளூட்’ என்பது ‘முதலிய’, ‘உட்பட’ ஆகியவற்றின் பக்கம். சொன்னது சில, சொல்லாதது இன்னும் இருக்கலாம். இலக்கண நூல்கள் சொல்லும் ‘கம்ப்ரைஸ்’, ‘கன்சிஸ்ட் ஆஃப்’ பக்கம் நிற்பது. அதாவது பகுதிகள் அனைத்தையும் சொல்லிவிட வேண்டும்.

நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த மூன்றையும் வேறுவேறாகவே கையாண்டிருக்கிறார்கள். இந்தியாவின் நிலப்பரப்பு எது என்று சொல்லும் முதலாம் பிரிவில் ‘கம்ப்ரைஸ்’. அதன் பின்னால் ‘ஆஃப்’ கிடையாது. நாடாளுமன்றம் குடியரசுத் தலைவரையும் இரண்டு அவைகளையும் கொண்டது என்னும் 79-ஆம் பிரிவில் ‘கன்சிஸ்ட் ஆஃப்’. அடிப்படை உரிமைகளின் முன்னால் ‘அரசு’ என்றால் யார் என்று சொல்லும் 12-ஆம் பிரிவில் ‘இன்க்ளூட்ஸ்’. அந்தப் பட்டியலில் நீதித்துறை பெயராக இல்லை. ஆனாலும் அது ‘அரசு’க்குள் வருமா என்று வாதாட இடம் இருக்கிறதென்றால், பட்டியலைத் திறந்து வைத்த அந்தச் சொல் அதற்கு ஒரு காரணம்.

‘கன்சிஸ்ட் இன்’ பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது பிழையே இல்லை. ஆனால் ‘கன்சிஸ்ட் ஆஃப்’ என்பதன் மாற்று வடிவமும் இல்லை. பகுதிகளை எண்ணிச் சொல்ல ‘ஆஃப்’. ஒன்றின் சாரம் எதில் இருக்கிறது என்று சொல்ல ‘இன்’. ஓர் அடுக்குமாடி வீட்டின் நீடித்த மதிப்பு சுவரில் இல்லை, நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பாகத்தில்தான் இருக்கிறது என்று எழுத வேண்டுமானால் ‘கன்சிஸ்ட்ஸ் இன்’ பொருத்தம். வீட்டில் மூன்று அறை என்பதற்கு அது உதவாது. பேச்சு வழக்கில் இப்போது அபூர்வம், ‘லைஸ் இன்’ அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

திறந்த பட்டியல், மூடிய பட்டியல் என்ற வேறுபாட்டுக்காகக் கோடிக்கணக்கில் பணம் செலவாகும் துறை காப்புரிமை. அங்கே ஒரு திருப்பம் இருக்கிறது: இலக்கண நூலுக்கு நேர் எதிராக, காப்புரிமைக் கோரிக்கைகளில் ‘கம்ப்ரைசிங்’ என்பது திறந்த சொல். அ, ஆ, இ இவற்றை உடையது என்று ‘கம்ப்ரைசிங்’ போட்டுக் கோரினால், இன்னொருவர் அவற்றோடு ஈ-யையும் சேர்த்துச் செய்தாலும் மீறல்தான். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ போட்டால் பட்டியல் மூடிவிட்டது. ஈ-யைச் சேர்த்தவர் தப்பிவிடலாம். நடுவில் ‘கன்சிஸ்டிங் எசென்ஷியலி ஆஃப்’ என்று ஒன்று உண்டு. பொருளின் அடிப்படைத் தன்மையை மாற்றாதவற்றை மட்டும் அது உள்ளே விடும்.

அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எலும்பைச் சீர்செய்யப் பயன்படும் கால்சியம் பாஸ்பேட் கலவையைத் தயாரிக்க ஒரு பெட்டி. அதில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கும் என்பதைக் காப்புரிமை ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ போட்டுக் கோரியிருந்தது. போட்டி நிறுவனத்தின் பெட்டியில் அந்தப் பொருள்களோடு கலக்குவதற்கு ஒரு தட்டைக் கரண்டியும் இருந்தது. பட்டியல் மூடியது, கரண்டி அதில் இல்லை, எனவே மீறல் இல்லை என்பது வாதம். கீழ் நீதிமன்றம் ஏற்றது. மேல் நீதிமன்றம் ஏற்கவில்லை. கண்டுபிடிப்பு வேதிப்பொருள்களைப் பற்றியது, கரண்டி அவற்றோடு எந்த வினையும் புரிவதில்லை, வெளிப்பொருள் ஒன்று பெட்டியில் கிடப்பதால் மீறல் மறைந்துவிடாது என்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே கோரிக்கையில், தண்ணீரும் ‘எ சோடியம் பாஸ்பேட்’டும் கொண்ட கரைசல் என்று ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ போட்டு எழுதியிருந்தார்கள். போட்டியாளர் ஒன்றுக்கு மேற்பட்ட சோடியம் பாஸ்பேட்டுகளைப் பயன்படுத்தியிருந்தார். அடுத்த சுற்றில் நீதிமன்றம் அந்த வரியை ஒரே ஒரு சோடியம் பாஸ்பேட் என்று வாசித்தது. காப்புரிமை வைத்திருந்தவர் தோற்றார். அங்கே ‘கம்ப்ரைசிங்’ என்று எழுதியிருந்தால் இரண்டாவது உப்பு அவரை வீழ்த்தியிருக்காது.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரே சொல்லை இலக்கண நூல் மூடியது என்கிறது, காப்புரிமை வழக்கறிஞர் திறந்தது என்கிறார். நம் வீட்டு ஒப்பந்தத்தில் அதே சொல், கூடவே ஒரு பிழையான ‘ஆஃப்’போடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, பால்கனி என்று எழுதியிருக்கிறது. வாய்ப்பேச்சில் சொன்ன கார் நிறுத்துமிடம் எங்கே? மொட்டைமாடியில் துணி உலர்த்தும் உரிமை எங்கே? பட்டியல் திறந்தது என்று வாங்கியவர் நினைப்பார், மூடியது என்று விற்றவர் சொல்வார். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் ஒற்றை வினைச்சொல்லை வைத்து முடிவு செய்யாது. முழு ஆவணத்தையும், நான்கெல்லையையும், அனுமதி பெற்ற வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்கும். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் எட்டாம் பிரிவில், வேறுவிதமாக எழுதப்படாதவரை, வீட்டோடு அதன் பூட்டு, சாவி, கதவு, ஜன்னலும் நிரந்தரப் பயன்பாட்டுக்கு வைத்த பொருள்களும் சேர்ந்தே போகும் என்று சொல்லிவிடுகிறது. கதவை எழுத மறந்தால் கவலையில்லை. கார் நிறுத்துமிடத்தை எழுத மறந்தால் அந்தச் சட்டம் அவ்வளவு எளிதாகக் கைகொடுக்காது.

ஆகவே கையெழுத்துக்கு முன் வரைவு கையில் வரும்போது ஷெட்யூல் பக்கத்தை எடுத்து அந்த வினைச்சொல்லைத் தேடுங்கள். ‘கம்ப்ரைசிங் ஆஃப்’ இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பட்டியல் முழுமையானது என்றால் ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ போட்டு, உங்களுக்குச் சொன்ன ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். பட்டியல் முழுமையானது இல்லை என்றால் ‘இன்க்ளூடிங்’ போட்டு, அதோடு நின்றுவிடவில்லை என்ற பொருளில் ‘பட் நாட் லிமிட்டட் டு’ சேர்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கார் நிறுத்துமிடத்தை எண்ணோடு தனியாக எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.