ஆய்வு நம்புமா, தரவு கேட்குமா?

“கழிவுநீரில் உப்பு குறைந்துவிட்டது என்று இந்த ஆய்வு நம்புகிறது.” “தரவுகள் 0.7 என்ற பெருக்கெண்ணைக் கேட்கின்றன.” “உப்பு இல்லாவிட்டால் சாயம் பருத்தியை விரும்புவதில்லை.” சாயக்கழிவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் வரைவில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் எளிதாக வந்துவிடும். மூன்றிலும் உயிரற்ற ஒன்றின்மேல் மனிதச் செயல் ஏற்றப்பட்டிருக்கிறது. பேச்சிலும் கவிதையிலும் தமிழ் இதை வெகுகாலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அஃறிணைப் பொருள்களைக் கேட்பனபோலவும் பேசுவனபோலவும் சொல்வதற்கு நன்னூலே இடம் தருகிறது. அறிவியல் கட்டுரையில் மட்டும் இது சிக்கலாகிறது. அங்கே ஒவ்வொரு வினைச்சொல்லும் யார், எதை, எந்த ஆதாரத்தில் செய்தார் என்பதைக் காட்ட வேண்டும். நம்புவதாக ஆய்வை எழுதிவிட்டால் நம்பியவரும் அவருடைய காரணமும் சேர்ந்தே மறைகின்றனர்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெருக்கெண் வாக்கியமே நல்ல சான்று. சாயக்கழிவு நீரைச் சோதிப்பதில் முதன்மையான அளவு, நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், அதாவது டி.டி.எஸ். ஆற்றில் விடும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. நொய்யல் ஆற்றில் சாயநீர் கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆகவே இந்த ஊரில் டி.டி.எஸ். எண் ஆய்வகத்துக்குள் மட்டும் இருக்கும் எண் அல்ல.

கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் திடப்பொருளை அளப்பதில்லை. அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து, உள்ளே பதிந்துவைத்த ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தப் பெருக்கெண் நீரில் எந்த உப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண உப்பான சோடியம் குளோரைடுக்கு அது 0.5ஐ ஒட்டி இருக்கும். சாயப்பட்டறைகளில் பயன்படும் இன்னோர் உப்பான சோடியம் சல்ஃபேட் மிகுந்த நீரில் 0.7ஐ நெருங்கும். மீட்டர்களில் இந்த இரண்டு எண்களுமே வழக்கத்தில் உள்ளன.

கணக்குக்காக ஒரு மாதிரியின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 3,500 மைக்ரோசீமென்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். 0.5ஆல் பெருக்கினால் 1,750 மில்லிகிராம் வரும். விதிக்கு உட்பட்ட நீர். 0.7ஆல் பெருக்கினால் 2,450. விதியை மீறிய நீர். நீர் ஒன்றுதான், அளவீடும் ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது. “தரவுகள் 0.7ஐக் கேட்கின்றன” என்று எழுதியவர் இந்தத் தேர்வைத் தாம் செய்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தரவு எதையும் கேட்கவில்லை. எண்ணைத் தேர்ந்தது ஆய்வாளர். திருத்திய வாக்கியம் இப்படி அமையலாம்: “மாதிரிகளில் சல்ஃபேட் மிகுந்திருந்ததால் பெருக்கெண்ணை 0.7 எனக் கொண்டோம். சில மாதிரிகளை வடிகட்டி, 180 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, எஞ்சிய திடப்பொருளை எடைபோட்டு இந்த எண்ணைச் சரிபார்த்தோம்.” எடைபோட்டுப் பார்க்காதவர் இரண்டாம் வாக்கியத்தை எழுத முடியாது. செய்யாத சோதனை அங்கேயே வெளிப்பட்டுவிடும். மொழியைத் திருத்துவதன் பெரிய பயன் இதுதான்.

“ஆய்வு நம்புகிறது” என்பதையும் இதே வழியில் பிரிக்கலாம். நம்பியவர் ஆய்வாளர் என்றால் “கருதுகிறோம்” என்ற ஒரு சொல் போதும். தமிழ் வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் “நாங்கள்” என்று தனியாகச் சேர்க்கவும் தேவையில்லை. ஆனால் ஆளை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. பட்டறைகள் மூடிய பிறகு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு கிணற்றில் உப்பு குறைந்ததாக ஒருவர் அளந்திருந்தால், அந்தக் குறைவு அளவீடு. பட்டறை மூடியதுதான் காரணம் என்பது அவருடைய முடிவு. நல்ல மழை பெய்த ஆண்டில் கிணற்று நீர் தானாகவே நீர்த்திருக்கலாம். “நம்புகிறது” என்ற வினை அளவீட்டையும் முடிவையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. திருத்தும்போது இரண்டையும் தனித்தனி வாக்கியங்களாக வைத்து, மழையின் பங்கை எப்படிக் கழித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

சாயம் “விரும்புவதில்லை” என்பது வேறு வகை. இங்கே மறைந்திருப்பது ஆள் அல்ல, காரணம். பனியன் துணிக்கு இடும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறு நீரில் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. நனைந்த பருத்தியின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். ஒரே மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று விலக்குவதால் சாயம் துணியை அணுகுவது தடைபடுகிறது. உப்பைக் கொட்டினால் அதன் சோடியம் அயனிகள் இந்த விலக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. சாயம் நூலுக்குள் செல்கிறது. பிறகு சோடா சாம்பல் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது.

உப்பு இந்தப் பிணைப்பில் சேர்வதே இல்லை. ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கணக்கிட்டால் 480 கிராம் உப்பு வருகிறது. சாயமேற்றி அலசி முடிக்கையில் ஏறத்தாழ அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. “சாயம் உப்பைக் கேட்கிறது” என்று எழுதினால் உப்பு சாயத்துக்கு இரையாகிவிட்டது என்ற எண்ணமே வாசகருக்கு எழும். மின்னூட்ட விலக்கம் என்று எழுதினால் அடுத்த கேள்வியும் கூடவே வரும்: பருத்தியின் மின்னூட்டத்தையே மாற்றிவிட்டால் என்ன? பருத்திக்கு முன்கூட்டியே நேர்மின்னூட்டம் ஏற்றி, உப்பில்லாமலோ மிகக் குறைந்த உப்பிலோ சாயமிடும் முறை இந்தக் கேள்விக்கான விடைதான்.

இப்படிப்பட்ட எல்லா வினைகளையும் களைந்துவிட வேண்டும் என்பதில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேட்டின் முந்தைய பதிப்புகள் இதில் நிதானமான எல்லையை வகுத்தன: சோதனை எதையும் நிரூபிக்க முயலாது, அட்டவணை எதையும் ஒப்பிடாது, ஆனால் இரண்டும் ஒன்றைக் காட்டலாம், சுட்டலாம். “அட்டவணை 2 உப்பின் அளவைக் காட்டுகிறது” என்பதால் யாருடைய முடிவும் மறையவில்லை. சாய வேதியியலில் வழங்கும் “நாட்டம்” என்ற கலைச்சொல்லும் இப்படித்தான். கேட்க மனித உணர்வாகத் தோன்றினாலும், நூலிலும் நீரிலும் சாயம் எவ்வளவு பங்கிடப்படுகிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படும் அளவு அது. எண்ணாகத் தர முடிகிற சொல்லை நீக்கினால் கட்டுரைதான் இழக்கும்.

திருத்துபவர் விழும் பெரிய பள்ளம் செயப்பாட்டு வினை. “ஆய்வு நம்புகிறது” என்பதை அடித்துவிட்டு “நம்பப்படுகிறது” என்று எழுதினால் அஃறிணை எழுவாய் போய்விடும், ஆனால் நம்பியவர் இப்போதும் வெளியே வரவில்லை. ஆய்வாளரா, முந்தைய ஆய்வுகளா, ஊர் வழக்கா என்பது முன்னைவிடவும் மங்கிவிடுகிறது. “மாதிரிகள் வடிகட்டப்பட்டன” என்பதில் இந்தக் குறை இல்லை. செய்முறைப் பகுதியில் வடிகட்டியவர் யாராயிருந்தாலும் முடிவு மாறாது. கருதுதல், தேர்தல், விலக்குதல், முடிவுசெய்தல் ஆகிய வினைகள் அப்படியல்ல. ஆள் மாறினால் இவற்றின் விடையும் மாறக்கூடும் என்பதால், இவற்றைச் செய்வினையாக எழுதி, செய்தவரையும் காரணத்தையும் அதே வாக்கியத்திலோ அடுத்ததிலோ தருவதே முறை.