மார்ச் 31-இல் மட்டும் குறையும் கடன்

பேலன்ஸ் ஷீட் சொல்வது ஒரே ஒரு நாளின் நிலவரத்தை. நம் நாட்டு நிறுவனங்களுக்கு அது மார்ச் 31. தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் கணக்குக்குப் புதுச்சட்டை மாட்டிவிட முடிகிறது.

இதைப் பிரம்மாண்டமாகச் செய்தது அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ். 2008 செப்டம்பரில் அது திவாலானது. நீதிமன்றம் நியமித்த ஆய்வாளர் ஆன்டன் வலூக்காஸ் 2010-இல் கொடுத்த, இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டிய அறிக்கையில்தான் 'ரெப்போ 105' வித்தை முழுதாக வெளிச்சத்துக்கு வந்தது.

ரெப்போ என்பது நகை அடகு மாதிரி. பத்திரத்தைக் கொடுத்துப் பணம் வாங்குவார்கள், சில நாளில் பணத்தைக் கட்டி மீட்பார்கள். அடகு வைத்தாலும் நகை நம்முடையதுதான், வாங்கியது கடன்தான். லேமனோ 100 டாலர் வாங்க 105 டாலர் மதிப்புள்ள பத்திரத்தைக் கொடுத்து, இவ்வளவு கூடுதலாகக் கொடுத்ததால் இது அடகல்ல, விற்பனை என்று எழுதிக்கொண்டது. வந்த பணத்தில் வேறு கடன்களை அடைத்தது. காலாண்டுக் கடைசி நாளில் சொத்தும் கடனும் ஒருசேர இளைத்துத் தெரிந்தன. சில நாளில் மறுபடி கடன் வாங்கிப் பத்திரங்களை மீட்டுக்கொண்டது. 2008 மே இறுதியில் மட்டும் இப்படி மறைந்தது சுமார் 5,000 கோடி டாலர்.

அவ்வளவு நுட்பம் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. மார்ச் கடைசி வாரம் கடனை அடைத்து, ஏப்ரலில் திரும்ப வாங்கினால் போதும். ஆனால் வட்டி ஆண்டு முழுக்க ஓடுகிறதே! ஒரு நிறுவனம் மார்ச் 31-இல் கடன் 40 கோடி என்கிறது. ஆண்டு வட்டியாக 9 கோடி கட்டியிருக்கிறது என்று வையுங்கள். வட்டி விகிதம் 10 சதவீதம் என்றால், ஆண்டில் சராசரியாக 90 கோடி கடன் இருந்திருக்க வேண்டும். மீதி 50 கோடி எங்கே போனது?

நேர்மையான பதிலும் இருக்கலாம். தீபாவளிக்குச் சரக்கு பிடிக்கும் ஜவுளிக்கடைக்குக் கடன் அக்டோபர் வரை ஏறி, விற்பனை முடிந்ததும் இறங்குவது இயல்பு. பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால் செப்டம்பர் 30 நிலவரமும் வெளியாகும். பருவமே இல்லாத தொழிலில் அங்கே கடன் மறுபடி வீங்கியிருந்தால் சந்தேகப்படலாம்.

கடனை அடைக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். பல நேரம், சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்கவேண்டியதை இழுத்தடித்துத்தான் வங்கிக்குக் கட்டியிருப்பார்கள். கொள்முதல் ஏறாமல் அந்த பாக்கி மட்டும் ஏறியிருப்பது அதற்கான தடயம்.

லேமனைப் போல அடகையே விற்பனையாக எழுதினால் இந்தச் சோதனைகளும் ஏமாறக்கூடும். மற்றபடி, அடுத்த முறை ஆண்டறிக்கை கைக்கு வந்தால், தலைவர் உரையைத் தாண்டி, 'நிதிச் செலவு' குறிப்பை முதலில் புரட்டுங்கள்.