அரை அடி நடக்கும் மோட்டார்

சாதாரண மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் தானாகச் சுழலும். ஸ்டெப்பர் மோட்டாரோ ஓரிடத்தில் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். மின்சாரத்தை அடுத்த சுருளுக்கு மாற்றினால்தான் ஓர் அடி நகரும். எப்போது எந்தச் சுருள் என்று சொல்வது மைக்ரோகன்ட்ரோலரின் வேலை.

மலிவாகக் கிடைக்கும் 28BYJ-48 மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து வயர்கள். சிவப்பு 5 வோல்ட்டுக்குப் போகும். மற்ற நான்கும் நான்கு சுருள்களின் மறுமுனைகள். ஒரு சுருள் சுமார் 100 மில்லியாம்பியர் இழுக்கும். அர்டுயினோ ஊனோவின் ஒரு பின்னால் 40 மில்லியாம்பியருக்கு மேல் தாங்க முடியாது. அதனால் நடுவில் ULN2003 சிப் உள்ள சிறிய போர்டு வேண்டும். சுருளுக்கான மின்சாரத்தை அர்டுயினோவிலிருந்து எடுக்காமல் தனி 5 வோல்ட் சப்ளையிலிருந்து கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணைத்துவிடுவது நல்லது.

முழு அடியில் எப்போதும் அடுத்தடுத்த இரண்டு சுருள்கள் உயிரோடிருக்கும். உள்ளே இருக்கும் காந்தச் சுழலி அந்த இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும். இப்போது ஒன்றை மட்டும் அணைத்தால்? மிச்சமுள்ள சுருளுக்கு நேராக வந்து நிற்கும். அதாவது பாதி தூரம் நகரும். அரை அடி என்பது இவ்வளவுதான். முழு அடியின் நான்கு நிலைகளுக்கு இடையே ஒற்றைச் சுருள் நிலைகள் நான்கைச் செருகினால் எட்டு வரி கிடைக்கும்:

```
1000
1100
0100
0110
0010
0011
0001
1001
```

இடமிருந்து வலமாக IN1 முதல் IN4 வரை. இரட்டை 1 உள்ள வரிகளை மட்டும் எடுத்தால் அதுவே முழு அடி. கீழிருந்து மேலே படித்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

பல்சக்கரங்களையும் சேர்த்தால், வெளித்தண்டு ஒரு சுற்றுக்கு முழு அடியில் 2048, அரை அடியில் 4096 அடிகள். முழு அடிக்கு 2 மில்லிவினாடி இடைவெளி விட்டால் ஒரு சுற்றுக்கு நாலு வினாடி ஆகும். அரை அடியில் அதே வேகம் வேண்டுமானால் இடைவெளியை 1 மில்லிவினாடியாக்க வேண்டும். அதிர்வு குறைந்து ஓட்டம் வழவழப்பாகும். ஆனால் ஒற்றைச் சுருள் நிலையில் பிடிமானம் இரட்டையில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். பாரம் இழுப்பதற்கு நான் முழு அடியையே தேர்ந்தெடுப்பேன்.

மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்திலேயே நடுங்கினால், முதலில் வரிசையைச் சந்தேகியுங்கள். இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கும். வரிசை சரியாக இருந்தும் ரீங்காரம் மட்டும் கேட்டால், இடைவெளி போதவில்லை. அடி தவறியதை இந்த மோட்டார் திருப்பிச் சொல்லாது. நிரல் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும்.

இன்னொரு பிசகு பல்சக்கரத்தில். 64-க்கு 1 என்று சொல்லப்படும் விகிதம் பல மோட்டார்களில் உண்மையில் 63.68 தான். ஒரு சுற்றுக்குத் தேவை 4076 அரை அடிகள். 4096 கொடுத்தால் 20 அதிகம், கிட்டத்தட்ட 1.8 பாகை. பத்துச் சுற்றில் 18 பாகை தள்ளிப்போகும். கடிகார முள் போல ஓடிக்கொண்டே இருக்கும் வேலைக்கு, சுற்றுக்கு ஒருமுறை தொடக்க இடத்தைக் காட்டும் சிறு சுவிட்சு ஒன்றை வைத்து, அங்கே எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிடலாம்.