தகராறில்லாத பணத்தை முதலில் கேளுங்கள்

சரக்கை வாங்கிக்கொண்ட வியாபாரி பணம் தராமல் இழுத்தடிக்கும்போது விவசாயிகள் அனுப்புகிற செய்திகளில் கோபம் இருக்கும், கண்ணீர் இருக்கும், மிரட்டலும் இருக்கும். பில் எண் மட்டும் இருக்காது. பணம் வராமல் போவதற்கு வியாபாரியின் மனசு ஒரு காரணம் என்றால், கேட்கிற விதம் இன்னொரு காரணம்.

பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் விளைவிக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 41 உறுப்பினர்களின் வெங்காயத்தைச் சேர்த்து, சென்னையில் உள்ள ஒரு மொத்த வியாபாரிக்கு இரண்டு லோடு அனுப்பியிருக்கிறார்கள். பிப்ரவரி 3ஆம் தேதி 5,840 கிலோ, 6ஆம் தேதி 6,150 கிலோ. விலை கிலோ 42 ரூபாய். இரண்டாவது லோடு இறங்கிய 15 நாளில், அதாவது பிப்ரவரி 21க்குள் பணம் தருவதாகப் பேச்சு. 14ஆம் தேதி ஒன்றரை லட்சம் வந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. ஏப்ரல் பிறந்ததும் தலைவர் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுகிறார்:

“அண்ணே வணக்கம். வெங்காயம் ஏத்தி ரெண்டு மாசம் ஆகப்போவுது. போன் பண்ணா எடுக்கறதில்ல. நாங்க கடன வாங்கி வெள்ளாமை செஞ்சவங்க. எங்க வயித்துல அடிக்காதீங்க. நீங்க செய்யறது மோசடி. சட்டப்படி 45 நாள்ல குடுத்தே ஆகணும். இந்த வாரத்துக்குள்ள முழுப் பணமும் வட்டியோட வரலன்னா கோர்ட்டுதான். எல்லா மண்டியிலயும் உங்க பேரச் சொல்லிடுவோம்.”

எழுதியவரின் வேதனை நியாயமானது. ஆனால் இந்தச் செய்தியை வியாபாரி தன் கணக்குப்பிள்ளையிடம் காட்டினால், அவர் எவ்வளவு பணம் போடுவார்? எந்த லோடு, எத்தனை கிலோ, ஏற்கெனவே வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று ஒரு வரியும் இல்லை. பணம் தர நினைப்பவருக்குக்கூட இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தர நினைக்காதவருக்கோ, ‘மோசடி’ என்ற ஒரு சொல் கிடைத்துவிட்டது. இனி பேச்சு பணத்தைப் பற்றி இருக்காது. “என்னை எப்படி அப்படிச் சொல்லலாம்” என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய குறை, செய்தியில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். இரண்டாவது லோடில் 310 கிலோ அழுகல் என்று வியாபாரி பிப்ரவரி 13ஆம் தேதி போனில் சொல்லியிருக்கிறார். படம் அனுப்பவில்லை, கழிவு எடைச்சீட்டு அனுப்பவில்லை. தலைவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பாததை எழுதவேண்டாம் என்று விட்டுவிட்டார். அங்கேதான் பணம் சிக்கிக்கிடக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். முதல் லோடு 2,45,280 ரூபாய். இரண்டாவது 2,58,300. மொத்தம் 5,03,580. வந்தது 1,50,000. பாக்கி 3,53,580. வியாபாரி சொல்கிற அழுகல் முழுவதும் உண்மை என்றே ஒப்புக்கொண்டாலும் அதன் மதிப்பு 13,020 ரூபாய்தான். அப்படியானால் அவரே மறுக்காத தொகை 3,40,560. பதின்மூன்றாயிரத்துக்கு இருக்கிற சண்டை, மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தையும் பிடித்துவைத்திருக்கிறது. ‘முழுப் பணமும்’ என்று கேட்கிறவரை வியாபாரிக்கு, “கணக்கு இன்னும் தீரவில்லையே” என்று சொல்ல வழி இருந்துகொண்டே இருக்கும். ஆகவே திருத்தி எழுதும்போது முதல் வேலை இந்த இரண்டு தொகைகளையும் பிரிப்பதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

எழுத உட்காரும் முன் சீட்டுகளை எடுத்து மேசையில் வைக்கவேண்டும்: பில், வே பிரிட்ஜ் சீட்டு, லாரி எண், டிரைவர் கொண்டுவந்த இறக்கிய ரசீது, வங்கிக் கணக்கில் வரவு. சின்ன வெங்காயம் வழியிலேயே காய்ந்து எடை குறையும் சரக்கு. ஏற்றிய இடத்து எடையா, இறக்கிய இடத்து எடையா, எதற்குப் பணம் என்று பேசியது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பில் ஏற்றிய எடைக்கு இருந்து, பேச்சு இறக்கிய எடைக்கு இருந்தால், கடிதம் எத்தனை அழகாக இருந்தாலும் முதல் பதிலிலேயே உடைந்துவிடும். இங்கே பேச்சு ஏற்றிய எடைக்கு, பில்லிலும் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இனி அந்த 45 நாள். சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. வாங்குபவர் பேசிய நாளுக்குள் தரவேண்டும், அந்த நாளும் 45 நாளைத் தாண்டக்கூடாது. நாள் எதுவும் பேசாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பலமான விதிதான். ஆனால் பயிர் செய்வது அந்தச் சட்டத்தின் உத்யம் பதிவுக்குள் வருவதில்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளை 2021இல் பதிவுக்குள் சேர்த்தார்கள் என்றாலும், வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டுமே. வெங்காயத்தைச் சேர்த்து அப்படியே விற்கிற நிறுவனத்துக்கு அந்த 45 நாள் கைகொடுக்கும் என்று நம்பிவிடக்கூடாது. அதே நிறுவனம் எண்ணெய் ஆட்டியோ மஞ்சளை அரைத்தோ விற்று, உற்பத்தியாளராகப் பதிவும் வைத்திருந்தால் அந்தச் சரக்குக்கு நிலைமை வேறு. பொருந்தாத சட்டத்தைக் கடிதத்தில் எழுதினால், வியாபாரியின் ஆடிட்டர் ஒரு நிமிடத்தில் அதை வெட்டிவிடுவார். உண்மையான மற்ற வரிகளுக்கும் அதோடு மதிப்புக் குறைந்துவிடும்.

நமக்குப் பொருந்துகிற சட்டம் பழையது, 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். சரக்கை வாங்கி வைத்துக்கொண்டவர், வேண்டாம் என்று நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்கிறது அது. அழுகும் சரக்குக்கு நியாயமான காலம் நீளமாக இருக்கமுடியாது. லோடு அனுப்பி ஒரு வாரம் கழித்துப் போனில் வந்த புகாருக்கு, படமும் இல்லாதபோது, பலம் குறைவு. வட்டியைப் பொறுத்தவரை, பில்லில் எதுவும் எழுதாத நிலையில் அதை நீதிமன்றம்தான் பார்த்துத் தரவேண்டும். ஆகவே நினைத்த விகிதத்தை எழுதுவதை விட, முதல் கடிதத்தில் வட்டியைப் பேசாமல் விடுவதே என் யோசனை. கேட்கும் உரிமை எங்கும் போய்விடாது.

இத்தனையும் மனதில் வைத்துத் திருத்தினால் கடிதம் இப்படி அமையும்:

“ஐயா, வணக்கம். பிப்ரவரி 3, 6 தேதிகளில் தங்களுக்கு அனுப்பிய சின்ன வெங்காயம் இரண்டு லோடு குறித்து எழுதுகிறோம். முதல் லோடு 5,840 கிலோ, இரண்டாவது 6,150 கிலோ, விலை கிலோ 42 ரூபாய், மொத்தம் 5,03,580 ரூபாய். பிப்ரவரி 14 அன்று தாங்கள் அனுப்பிய 1,50,000 ரூபாய் வந்து சேர்ந்தது, நன்றி. பாக்கி 3,53,580 ரூபாய். பேசியபடி பிப்ரவரி 21க்குள் வந்திருக்கவேண்டும்.

இரண்டாவது லோடில் 310 கிலோ அழுகல் என்று பிப்ரவரி 13 அன்று போனில் சொன்னீர்கள். அதன் மதிப்பு 13,020 ரூபாய். படமோ கழிவுச் சீட்டோ இருந்தால் அனுப்புங்கள், பார்த்துப் பேசி முடித்துக்கொள்வோம். அது தனியாக இருக்கட்டும். அதில் சேராத 3,40,560 ரூபாயை ஏப்ரல் 12க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். இதைப் பெற்றுக்கொள்வதால் மீதி 13,020 ரூபாயை நாங்கள் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

ஒரே தடவையில் முடியாவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதித் தாருங்கள். இந்தத் தொகை 41 உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தரவேண்டியது. பில், வே பிரிட்ஜ் சீட்டு நகல்கள் இணைத்துள்ளோம். பாக்கிக் கணக்கு சரி என்றால் நகலில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.”

பில் எண்களும் லாரி எண்களும் உரிய இடத்தில் சேரும். பழைய செய்தியில் இருந்த கடன், வயிறு எல்லாம் இதில் ‘41 உறுப்பினர்கள்’ என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. அது இரக்கத்தைக் கேட்கவில்லை. பணம் யாருடையது என்பதைச் சொல்கிறது. கோர்ட், மண்டியில் பேர் கெடுப்பது இரண்டும் போய்விட்டன. பேரைக் கெடுப்போம் என்று எழுதிக்கொடுப்பது, பிறகு வழக்கு வந்தால் நம் பக்கத்துக்கே கேடு. கோர்ட்டுக்குப் போவது என்று செயற்குழு தீர்மானித்த பிறகு அதை எழுதினால் போதும்.

கையெழுத்துக் கேட்கும் கடைசி வரியைப் பலர் சம்பிரதாயம் என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. கடன் தவணை வைத்து விற்ற சரக்கின் விலைக்கு, அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்பது காலவரையறைச் சட்டம். இங்கே அது பிப்ரவரி 21இல் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் காலம் முடிவதற்குள் வியாபாரி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும். ‘இல்லை’ என்று பிறகு சொல்வதும் கடினமாகிவிடும்.

கடிதத்தை நிறுவனத்தின் தாளில் எழுதி, தலைவரோ முதன்மைச் செயல் அலுவலரோ கையெழுத்திட்டு, ஒப்புகையுடன் தபாலில் அனுப்பவேண்டும். அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். “சரி, 10ஆம் தேதி பாதி போடறேன்” என்று அங்கே பதில் வந்தால் அந்த உரையாடலை அழிக்காமல், அந்தப் போனையும் மாற்றாமல் வைத்திருப்பது நல்லது.

வியாபாரி 3,40,560 அனுப்பும்போது “முழுக் கணக்கும் தீர்ந்தது” என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கலாம். போடக்கூடாது. வந்த தொகைக்கு மட்டும் ரசீது தரவேண்டும். அழுகலில் பாதியை விட்டுக்கொடுப்பது என்று செயற்குழு முடிவு செய்தால் அதைத் தனித் தாளில் எழுதலாம். 6,510 ரூபாயை விட்டு மூன்று லட்சத்துச் சொச்சம் கைக்கு வருவது பல சமயம் நல்ல கணக்குதான். ஆனால் பெரிய தொகை வங்கியில் ஏறிய பிறகே அந்தப் பேச்சை எடுக்கவேண்டும்.

வியாபாரியிடம் நிஜமாகவே பணம் இல்லாவிட்டால் எந்தக் கடிதமும் அதை வரவழைக்காது. தேதியும் தொகையும் குறித்த தவணைகள், தவணைக்கு ஒரு காசோலை, பாக்கி தீரும்வரை அடுத்த லோடு ரொக்கத்துக்கு மட்டும் என்ற ஏற்பாடுதான் அப்போது கைகொடுக்கும். காசோலை பணமில்லாமல் திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்ற கெடு இருப்பதால், அன்றே வழக்கறிஞரைப் பார்த்துவிடவேண்டும். ஏப்ரல் 12 தாண்டியும் ஒரு பதிலும் வரவில்லையென்றால், இந்தக் கடிதத்தையும் ஒப்புகையையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ வழக்கறிஞரிடமோ போகலாம். அங்கே அவர்கள் கேட்கப்போகும் தேதி, எடை, தொகை எல்லாம் இந்த ஒரு பக்கத்திலேயே இருக்கும்.